இன்வென்டரி அனலிஸ்ட் நேர்காணல்: 57 பில்டர்கள் எங்கே போயின?

கேள்வி: "பி.காம். முடித்து, மூன்று ஆண்டுகளாக ஒரு வாகன உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்ஸ் உதவியாளராக இருக்கிறேன். ஒரகடத்தில் இன்வென்டரி அனலிஸ்ட் வேலைக்கு அடுத்த வாரம் நேர்காணல். சரக்கு எண்ணிக்கை, வேறுபாடு, ஆர்டர் கொள்கை பற்றிக் கேட்பார்களாம். என்னென்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொன்னால் எடுபடும்?"

உதிரிபாகக் கிடங்குகளில் பதினைந்து ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் நான். கடந்த ஐந்தாறு ஆண்டுகளாக மேஜையின் மறுபக்கத்தில் அமர்ந்து இதே வேலைக்கு ஆள் எடுத்தும் வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் எண்ணிக்கைக்கு ஒரு பதில், வேறுபாட்டுக்கு ஒரு பதில், ஆர்டருக்கு ஒரு சூத்திரம் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். மூன்றும் ஒரே நூலில் கோத்தவை என்று காட்டுகிறவர் வந்தால் அன்றைய நேர்காணல் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் நூறு கேள்விகளை அடுக்காமல், நானே வழக்கமாகக் கேட்கும் ஒரே ஒரு பொருளின் கதையை எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகள் அதன் வழியாகவே வரும்.

பொருள் ஆயில் பில்டர். ஒன்றின் விலை 140 ரூபாய், ஒரு பெட்டியில் 20. கணினிக் கணக்கில் 412 இருக்கிறது. ராக்கில் எண்ணினால் 355. குறைவு 57. "இப்போது என்ன செய்வீர்கள்?"

"அட்ஜஸ்ட்மென்ட் போட்டுச் சரிசெய்வேன்" என்று உடனே சொல்கிறவர்களை நான் மேற்கொண்டு அதிகம் கேட்பதில்லை. "திருட்டாக இருக்கலாம், சிசிடிவி பார்ப்பேன்" என்கிறவர்களும் உண்டு. நடக்காத விஷயம் இல்லைதான். ஆனால் என் அனுபவத்தில் பத்தில் எட்டு வேறுபாடுகளுக்குக் காரணம் காகிதத்தில்தான் இருந்தது.

முதலில் கேட்க வேண்டியது, 355 என்ற எண் சரியா என்பதுதான். எண்ணும் தாளில் கணினிக் கணக்கை அச்சடித்துக் கொடுத்திருந்தார்களா? 412 என்று கண்முன் இருந்தால், சோர்ந்துபோன ஆள் 412 என்றே எழுதுவார். ஆகவே பொருள் எண், இருப்பிடம், அளவு அலகு ஆகிய மூன்றை மட்டும் கொடுத்து எண்ணச் சொல்வதுதான் முறை. மறு எண்ணிக்கையை வேறொருவர் செய்ய வேண்டும். முதல் எண்ணிக்கை எவ்வளவு என்று அவரிடமும் சொல்லக் கூடாது. பிறகு மேல் ராக்கில் உபரியாகப் போட்டு வைத்த பெட்டிகள், திரும்பி வந்த சரக்கு வைக்கும் மூலை, தரச் சோதனைக்காக ஒதுக்கியவை ஆகிய இடங்களையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது நேரம். இந்த இடத்தில் ஒரு துணைக்கேள்வி வரும்: "கிடங்கை மூடாமல் எண்ணுகிறோம். காலை 11 மணிக்கு எண்ணும்போது பாதிச் சரக்கு நகர்ந்துகொண்டிருக்கிறதே?" இதற்கு வாயால் கணக்குச் சொல்லிக் காட்டுங்கள். பின் என்று நாங்கள் சொல்லும் ராக் அறையில் எண்ணியதோடு, எடுத்து டிஸ்பேட்ச் மேடையில் வைத்தும் கணினியில் இன்னும் கழிக்கப்படாததைக் கூட்ட வேண்டும். ராக்கில் அடுக்கியும் ஜி.ஆர்.என். என்ற வரவுப் பதிவு போடப்படாததைக் கழிக்க வேண்டும். வருகிற எண்ணைத்தான் கணினிக் கணக்கோடு ஒப்பிடலாம். பின்னில் 116 இருக்கிறது, மேடையில் கழிக்கப்படாத 24 இருக்கிறது, அடுக்கியும் பதிவாகாதவை 40 என்றால் 116 + 24 − 40 = 100. கணினியில் 100 இருந்தால் வேறுபாடே இல்லை. இதைச் செய்யாமல் 16 கூடுதல் என்று அட்ஜஸ்ட்மென்ட் போட்டால், மாலையில் ஜி.ஆர்.என்.னும் டிஸ்பேட்ச் பதிவும் ஏறிய பிறகு நீங்களே ஒரு புது வேறுபாட்டை உருவாக்கியிருப்பீர்கள். வருட இறுதி எண்ணிக்கைகளில் பாதித் தலைவலி இப்படி உண்டாவதுதான்.

சரி, மறுமுறை எண்ணியும் 355. மேடையில் எதுவும் இல்லை, பதிவாகாத வரவும் இல்லை. 57 உண்மையான வேறுபாடு. இனிப் பேச வேண்டியது அந்த எண்.

பழைய கணக்குப்பிள்ளைகள் வேறுபாட்டை எண்ணாக மட்டும் பார்ப்பதில்லை, அதன் வகுபாட்டையும் பார்ப்பார்கள். இரட்டைப்படையா? அப்படியானால் அதில் பாதி அளவுள்ள ஒரு பதிவு திசை மாறி, கழிக்க வேண்டியது கூட்டப்பட்டிருக்கலாம். 9ஆல் வகுபடுகிறதா? 63 என்பதை 36 என்று இலக்கம் மாற்றித் தட்டியிருக்கலாம், அப்போது வித்தியாசம் 27. பக்கத்துப் பொருள் எண்ணில் இதே அளவு கூடுதல் இருக்கிறதா? அப்படியென்றால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்திருப்பார்கள்.

57 ஒற்றைப்படை. 9ஆல் வகுபடவில்லை. பக்கத்துப் பில்டரின் கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் 57 என்பது 3 × 19. பெட்டிக்கு 20 என்றால் 19ஆல் வகுபடும் வேறுபாடு ஒரு நல்ல துப்பு. மூன்று பெட்டி வெளியே போய், கணக்கில் மூன்று உருப்படி என்று மட்டும் பதிவாகியிருந்தால் போனது 60, கழிந்தது 3, மீதி 57. இது துப்பு மட்டும்தான், நிரூபணம் இல்லை. அதை நீங்களே சொல்லிவிடுங்கள். எண் விளையாட்டில் மயங்கி அங்கேயே நின்றுவிடுகிறாரா என்று எதிரே இருப்பவர் கவனிப்பார்.

நிரூபணம் இயக்கப் பட்டியலில் இருக்கிறது. எஸ்ஏபி மென்பொருள் வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால் `MB51` திரையில், கடைசியாகக் கணக்கு சரியாக இருந்த நாளிலிருந்து இன்றுவரை எல்லா வரவு செலவையும் எடுங்கள். "கடைசியாகச் சரியாக இருந்த நாள்" என்ற சொற்களை நேர்காணலில் விட்டுவிடாதீர்கள். வருடம் முழுவதையும் தோண்டுகிறவருக்கும் மூன்று வாரத்தை மட்டும் தோண்டுகிறவருக்கும் உள்ள வேறுபாடு அதில்தான் இருக்கிறது. நடந்த சம்பவத்தில் அப்படி எடுத்தபோது அறுபது வரிகளுக்கு மேல் இருந்தன. அவற்றில் '3' என்ற அளவு ஒரே ஒரு வரியில்தான் வந்தது. அது எங்கள் கிளைக் கிடங்கு ஒன்றுக்குப் போன இடமாற்றம். காவலாளி வைத்திருந்த கேட் பாஸ் நகலைத் தேடி எடுத்தோம். பேனாவால் "3 பெட்டி" என்று எழுதியிருந்தது. கணினியில் ஏற்றியவர் 3 என்று தட்டிவிட்டு, அலகு இயல்பாகவே உருப்படி என்று நிற்பதைக் கவனிக்கவில்லை.

கிளைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அங்கே இருப்பது எவ்வளவு என்று சொல்லாமல் எண்ணச் சொன்னோம். கணக்கைவிட 57 கூடுதல். அவர்கள் திரையில் 3 என்று காட்டியதால் 3 என்றே ஏற்றுக்கொண்டு, 60 உருப்படிகளை ராக்கில் அடுக்கிவிட்டார்கள். அங்கும் யாரும் எண்ணவில்லை.

இப்போது அடுத்த கேள்வி: "எப்படிச் சரிசெய்வீர்கள்?" இங்கே குறைவு, அங்கே கூடுதல் என்று இரண்டு அட்ஜஸ்ட்மென்ட் போட்டாலும் எண்கள் சரியாகிவிடும். ஆனால் நம் புத்தகத்தில் 7,980 ரூபாய் நட்டமாகவும், கிளைப் புத்தகத்தில் அதே தொகை லாபமாகவும் விழும். நடந்தது நட்டம் அல்ல, பதிவாகாத இடமாற்றம். ஆகவே விட்டுப்போன 57க்கு இடமாற்றப் பதிவு போட வேண்டும். இதை அழுத்திச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சரக்கைத் தொலைந்ததாகக் கணக்கிலிருந்து தள்ளினால், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(h) பிரிவின்படி அதற்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும். பக்கத்து ஊர்க் கிளையில் பத்திரமாக இருக்கிற பில்டருக்கு வரி கட்டுவது எவ்வளவு அபத்தம்! ஒரு வேட்பாளர் இதைத் தானாகச் சொன்னார். அன்று எங்கள் நிதி மேலாளர் முதல்முறையாக நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தினார்.

பிறகு, திரும்ப நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்பார்கள். "ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம்" என்பது பலவீனமான பதில். அந்தப் பொருளின் மூலப்பதிவில் 'பெட்டி = 20' என்ற மாற்று அலகைச் சேர்த்தோம், பெட்டி மேல் ஒட்டும் பார்கோடிலேயே அந்த அலகை வைத்தோம், ஸ்கேன் செய்தால் 20 என்று ஏறும்படி மாற்றினோம் என்று சொல்லுங்கள். அதே ஆள் அதே வாரத்தில் பெட்டியில் வரும் வேறு பொருள்களுக்குப் போட்ட இடமாற்றங்களையும் சரிபார்த்தோம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதில் இன்னும் இரண்டு பொருள்கள் சிக்கின.

இதுவரை வந்தது எண்ணிக்கையும் வேறுபாடும். இனி, நேர்காணலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எதிர்பார்க்காத கேள்வி: "57 பில்டர், எட்டாயிரம் ரூபாய். கிடங்கில் பல கோடிக்குச் சரக்கு இருக்கிறது. இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?"

இதற்குப் பதில் ஆர்டர் கொள்கையில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பின்தொடருங்கள், கணக்கு எளிதுதான்.

இந்தப் பில்டர் ஒரு வேலை நாளில் சராசரியாக 18 போகிறது. திட்ட விலக்கம் நாளுக்கு 6. ஆர்டர் போட்டதிலிருந்து ராக்கில் ஏறும்வரை சராசரியாக 8 வேலை நாள். காத்திருக்கும் எட்டு நாளில் 144 போகும். அதற்கு மேல் எவ்வளவு பாதுகாப்பு இருப்பு வேண்டும்? பாடப்புத்தகம் படித்தவர்கள், சரக்குத் தீராமல் இருக்கும் வாய்ப்பு 95 சதவீதம் வேண்டும் என்று 1.65 எடுத்து, அதை 6ஆலும் 8இன் வர்க்கமூலத்தாலும் பெருக்கி 28 என்பார்கள். சப்ளையர் எட்டாம் நாளே தவறாமல் கொண்டுவந்து தருவார் என்றால் இது சரி. எனக்குத் தெரிந்து அப்படி ஒரு சப்ளையர் கிடையாது. நம் சப்ளையர் சில தடவை ஆறு நாளில் தருகிறார், சில தடவை பதினொரு நாள் இழுக்கிறார். அவருடைய திட்ட விலக்கம் 2 நாள். அதையும் சேர்த்தால் எக்செல்லில் இப்படி வரும்:

```
=NORM.S.INV(0.95)*SQRT(8*6^2+18^2*2^2)
```

விடை 65.5, மேல்நோக்கி எடுத்தால் 66. வர்க்கமூலத்துக்குள் பாருங்கள். தேவையின் ஏற்ற இறக்கத்தால் வருவது 288, சப்ளையரின் தாமதத்தால் வருவது 1,296. அதாவது நாம் வாங்கிக் குவிக்கும் பாதுகாப்பு இருப்பின் பெரும்பகுதி வாடிக்கையாளருக்காக அல்ல, நேரம் தவறும் சப்ளையருக்காக. "பாதுகாப்பு இருப்பை எப்படிக் குறைப்பீர்கள்?" என்று கேட்டால், முன்கணிப்பை மேம்படுத்துவேன் என்பதற்கு முன்னால் சப்ளையரை ஒழுங்காக வரவைப்பேன் என்று சொல்லுங்கள். இந்த இரண்டு எண்களையும் காட்டிச் சொன்னால் மறுக்க ஆள் இருக்காது.

ஆக மறுஆர்டர் நிலை 144 + 66 = 210. கணினி இருப்பு 210க்கு இறங்கியதும் ஆர்டர் போகும். இப்போது அந்த 57ஐக் கொண்டுவாருங்கள். கணினி 210 என்று காட்டும்போது ராக்கில் இருப்பது 153. காத்திருக்கும் நாள்களுக்குத் தேவை 144. கைவசம் இருக்கும் மெத்தை 66 அல்ல, 9. தேவை இயல்நிலைப் பரவலில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஆர்டர் சுழற்சியிலும் சரக்குத் தீர்ந்துபோகும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. கணினித் திரையில் எல்லாமே பச்சையாக இருக்கும். கொள்முதல்காரர் சூத்திரத்தைக் குறை சொல்வார், விற்பனைக்காரர் கொள்முதலைக் குறை சொல்வார். எட்டாயிரம் ரூபாய்ப் பிழை செய்யும் வேலை இது. "வேறுபாட்டின் முக்கியத்துவத்தை அதன் ரூபாய் மதிப்பை வைத்து மட்டும் அளக்க மாட்டேன், அந்தப் பொருளின் பாதுகாப்பு இருப்போடும் ஒப்பிடுவேன்" என்று ஒரு வேட்பாளர் சொன்னால் நான் அவரை எடுத்துவிடுவேன். இதுவரை இருவர்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மெதுவாக நகரும் பொருளில் இது இன்னும் மோசமாக முடியும். கணினியில் 4 இருக்கிறது, மறுஆர்டர் நிலை 2, ராக்கில் பூஜ்யம். ராக்கில் இல்லாததால் விற்பனை இல்லை. விற்பனை இல்லாததால் கணினி இருப்பு 4லிருந்து இறங்காது. இறங்காததால் ஆர்டரும் போகாது. ஆறு மாதத்துக்குப் பிறகு அறிக்கை எடுத்தால் அந்தப் பொருள் "நகராத சரக்கு" பட்டியலில் வந்து நிற்கும். அது நகரவில்லை என்பது உண்மைதான், இல்லாதது எப்படி நகரும்? "ஏ, பி, சி வகைப்பாட்டைத் தவிர வேறு எதை வைத்து எண்ண வேண்டிய பொருளைத் தேர்ந்தெடுப்பீர்கள்?" என்ற கேள்விக்கு இதுதான் நல்ல பதில். முன்பு மாதாமாதம் போய்க்கொண்டிருந்து, கணினியில் இருப்பு இருந்தும் திடீரென்று விற்பனை நின்றுபோன பொருள்களை முதலில் எண்ணுங்கள். அதோடு இருப்பு பூஜ்யமாகக் காட்டும் பின்களையும் எண்ணுங்கள். காலி பின்னை எண்ண ஐந்து விநாடிதான் ஆகும், அதில் ஏதாவது இருந்துவிட்டால் லாபம். எதிர்மறை இருப்புள்ளவற்றை எண்ணுவதோடு விடக் கூடாது. வரவு பதிவாகும் முன்பே சரக்கு வெளியே போனதா, பொருள் எண் மாறியதா என்று பார்க்க வேண்டும்.

ஏ, பி, சி பற்றியும் கேட்பார்கள். ஆண்டுப் பயன்பாட்டு மதிப்பை வைத்துப் பிரிப்பது என்ற விளக்கம் எல்லாருக்கும் தெரியும். அதோடு நிறுத்தாமல் வேலைப் பளுவையும் கணக்கிட்டுக் காட்டுங்கள். 6,000 பொருள்கள். ஏ வகை 600, ஆண்டுக்கு ஆறு தடவை. பி வகை 1,200, இரண்டு தடவை. சி வகை 4,200, ஒரு தடவை. மொத்தம் 10,200 எண்ணிக்கை, 300 வேலை நாளில் நாளுக்கு 34. மறு எண்ணிக்கையையும் காரணம் தேடுவதையும் சேர்த்தால் அது ஒருவருடைய முழுநாள் வேலை. இப்படிச் சொன்னால் எதிரே இருப்பவர்கள் உங்களை மாணவராகப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

"கணக்குத் துல்லியத்தை எப்படி அளப்பீர்கள்?" இதில் ஒரு பொறி இருக்கிறது. 50,000 ரூபாய் குறைவும் 48,000 ரூபாய் கூடுதலும் இருந்தால் நிகர வேறுபாடு 2,000 ரூபாய்தான். அறிக்கையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 98,000 ரூபாய்க்கான பதிவுகள் தவறு. நிகரம் கணக்குத் துறைக்கு வேண்டும். கிடங்கை நடத்துகிறவருக்கு வேண்டியது, எண்ணிய இடங்களில் எத்தனை சரியாக இருந்தன என்பது. 200 பின் எண்ணி 9 தவறு என்றால் துல்லியம் 95.5 சதவீதம். எடைபோட்டு எண்ணும் போல்ட், நட்டுக்குச் சிறிய விலக்கை அனுமதிக்கலாம். ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய பில்டருக்கு எதற்கு விலக்கு?

ஆர்டர் அளவுக்கு வருவோம். "சிக்கன ஆர்டர் அளவு என்றால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். போர்டு ஹாரிஸ் 1913இலேயே எழுதிய சூத்திரம் அது. ஆண்டுத் தேவையை ஒரு ஆர்டருக்கான செலவால் பெருக்கி, அதை இரு மடங்காக்கி, ஓர் உருப்படியை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுப்பது. நம் பில்டருக்கு ஆண்டுத் தேவை 5,400. ஆர்டர் செலவு 400 ரூபாய், வைத்திருக்கும் செலவு விலையில் 20 சதவீதமாக 28 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 393 வரும். பெட்டிக்கு 20 என்பதால் 400.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி காத்திருக்கும்: "சப்ளையர் 600க்குக் குறைந்து தர மாட்டேன் என்கிறாரே?" பலர் பேரம் பேசுவேன் என்கிறார்கள். முதலில் கணக்குப் போடுங்கள். 400 வீதம் வாங்கினால் ஆண்டுக்கு ஆர்டர் செலவு 5,400, வைத்திருக்கும் செலவு 5,600, மொத்தம் 11,000 ரூபாய். 600 வீதம் வாங்கினால் 3,600 + 8,400 = 12,000. ஆர்டர் அளவு பாதிக்குப் பாதி கூடியும் கூடுதல் செலவு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்தான். இந்தச் சூத்திரத்தின் அடிப்பகுதி தட்டையானது என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். ஆகவே 600ஐ ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு ஒரு பில்டருக்கு 50 பைசா குறைக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 2,700 ரூபாய் மிச்சம். இடம் இருக்கிறதா என்பதை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும். கிடங்கில் அந்தப் பின் 25 பெட்டிதான் கொள்ளும் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும்.

ஒரு சின்னக் கேள்வியில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். "ராக்கில் 180 இருக்கிறது, மறுஆர்டர் நிலை 210. ஆர்டர் போடுவீர்களா?" போடுவேன் என்று அவசரப்படாதீர்கள். வந்துகொண்டிருக்கும் ஆர்டர் இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். 400 வழியில் இருந்தால் நம் நிலை 580, போட வேண்டியதில்லை. மறுபுறம், ராக்கில் 230 இருந்து, வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 40 இருந்தால் நிலை 190தான், உடனே போட வேண்டும். ஒப்பிட வேண்டியது ராக்கில் இருப்பதையல்ல. இருப்பு, வரவிருப்பது, கொடுக்க வேண்டிய பாக்கி மூன்றும் சேர்ந்த நிலையை.

வாரம் ஒரு நாள்தான் அந்தச் சப்ளையரின் லாரி வரும், அன்றுதான் ஆர்டர் என்றால் கொள்கை மாறும். அப்போது எட்டு நாளுக்கு மட்டுமல்ல, அடுத்த ஆர்டர் நாள்வரை உள்ள ஆறு வேலை நாளையும் சேர்த்துப் பதினான்கு நாளுக்குத் தாங்க வேண்டும். தேவை 252, பாதுகாப்பு இருப்பு 70, ஆக 322வரை நிரப்ப வேண்டும். நிலை 190 என்றால் 132, பெட்டிக் கணக்கில் 140. பாதுகாப்பு இருப்பு 66லிருந்து 70க்குத்தான் ஏறியது, ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால் காரணம் மேலே சொன்னதுதான். பெரும்பகுதியை ஏற்கனவே சப்ளையரின் தாமதமே பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் சூத்திரங்களுக்கு உள்ளீடு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்பார்கள். இரண்டு எச்சரிக்கை சொன்னால் போதும். சரக்கு இல்லாமல் விற்க முடியாமல் போன நாள்களைப் 'பூஜ்ய விற்பனை' என்று சராசரியில் சேர்க்கக் கூடாது. காத்திருப்பு நாளை ஆர்டர் தேதியிலிருந்து ராக்கில் ஏறும்வரை அளக்க வேண்டும், சப்ளையர் லாரி ஏற்றிய தேதிவரை அல்ல. எங்கள் கிடங்கில் வாசலுக்கு வந்த சரக்கு ராக்கில் ஏற இரண்டு நாள் ஆகிக்கொண்டிருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்த்ததே இல்லை. ஆண்டுக்கு ஐந்தாறுதான் விற்கும் பொருளுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். அதற்கு ராக்கில் ஒன்று, அது போனால் உடனே இன்னொன்று என்ற எளிய விதியே பெரும்பாலும் போதும்.

கடைசியாக, அறிவைவிட முதுகெலும்பைச் சோதிக்கும் கேள்வி ஒன்று உண்டு. "மார்ச் 31 மாலை. பெரிய வேறுபாடு ஒன்று தெரிகிறது. காரணம் கிடைக்கவில்லை. மேலாளர் எண்ணிக்கைத் தாளையே கணினிக் கணக்குக்கு ஏற்ப மாற்றச் சொல்கிறார்." இது கற்பனை அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் சொல்ல வேண்டாத ஓரிடத்தில் என்னிடமே சொன்னார்கள். அன்று நான் என்ன செய்தேன் என்பதில் எனக்குப் பெருமை இல்லை. இன்று நான் எதிர்பார்க்கும் பதில் இது: "எண்ணியதை எண்ணியபடியே பதிவு செய்வேன். தாளில் இருவர் கையெழுத்து இருக்கும். காரணம் தெரியவில்லை என்று எழுதி, இதுவரை எங்கெங்கே தேடினோம் என்பதையும் சேர்த்து நிதித் துறைக்கு அனுப்புவேன்." அதோடு, தணிக்கையாளர் அறிக்கை பற்றிய 2020 ஆணை பொருந்தும் கம்பெனிகளில், ஒரு சரக்கு வகையில் மொத்தமாக 10 சதவீதமோ அதற்கு மேலோ வேறுபாடு வந்ததா, அது கணக்கில் முறையாகக் கையாளப்பட்டதா என்று தணிக்கையாளர் எழுத வேண்டியிருக்கிறது என்பதை நினைவூட்டுங்கள். மிரட்டலாக வேண்டாம், மேலாளருக்கும் உதவும் தகவலாகச் சொல்லுங்கள்.

உங்களிடம் மூன்று ஆண்டு அனுபவம் இருக்கிறது. என் பில்டர் கதையைத் திருப்பிச் சொல்லாதீர்கள், உங்கள் கிடங்கிலேயே இப்படி ஒன்று நடந்திருக்கும். பொருள், பெட்டி அளவு, கணக்கு, எண்ணிக்கை, கடைசியாகச் சரியாக இருந்த நாள், மாட்டிய பதிவு, போட்ட திருத்தம் என்று ஏழு வரி எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். வேறுபாட்டைப் பதிவு செய்யும் அனுமதி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். எஸ்ஏபி என்றால் `MI04`இல் எண்ணிக்கையை ஏற்றுகிறவரும் `MI07`இல் வேறுபாட்டைப் பதிகிறவரும் ஒரே ஆளா என்று கேட்கலாம். ஒரே ஆள்தான் என்று பதில் வந்தால், சம்பளம் பேசும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் நீங்கள் ஆர்டர் கொள்கையைத் தொடவே போவதில்லை, பழைய வேறுபாடுகளைத்தான் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.